24 லட்சம் பேர் பதில் சொல்லியும் தப்பான கணிப்பு! ஒரு விடைத்தாளில் பறிபோன 5 மதிப்பெண்

பத்து மதிப்பெண் கேள்வி. கிடைத்ததோ ஐந்து. "நோட்ஸ்ல இருந்ததை அப்படியே எழுதியிருக்கேன் மேடம்" என்று விடைத்தாளும் கையுமாகப் பேராசிரியையின் அறைக்குப் போனார் அந்த மாணவி. முதுகலை சமூகப்பணி இரண்டாம் ஆண்டு. ஆய்வு முறையியல் பாடத்தில் இன்டர்னல் தேர்வு முடிந்து தாள்கள் திரும்பியிருந்த நாள் அது.

கேள்வி பழைய கேள்விதான். '1936-ல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் நடத்திய கருத்துக்கணிப்பு ஏன் தோற்றது? மாதிரி எடுத்தல், சார்பு ஆகியவற்றின் அடிப்படையில் விளக்குக.' சர்வே பற்றிச் சொல்லித்தரும் எந்த வகுப்பிலும் முதலில் வரும் கதை இது.

மாணவியின் பதிலைச் சுருக்கினால் இவ்வளவுதான். டைஜஸ்ட் இதழ் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் பெயர்களை எடுத்தது. அன்றைக்கு போனும் காரும் வசதியானவர்களிடம்தான் இருந்தன. ஏழைகளின் ஓட்டு ரூஸ்வெல்ட்டுக்குப் போனது, அவர்கள் பட்டியலிலேயே இல்லை. அதனால் கணிப்பு தோற்றது. இன்னும் அதிகம் பேரிடம் கேட்டிருந்தால் தவறு குறைந்திருக்கும். ஜார்ஜ் கேலப், குலுக்கல் முறையில் வெறும் 50,000 பேரைக் கேட்டு சரியாகச் சொன்னார். ஆகவே எல்லோரும் இடம்பெற்ற பட்டியலை எடுத்தால் சார்பு வராது.

படித்தால் சரியாகத்தானே இருக்கிறது? பேராசிரியை நான்கு இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்.

நடந்தது என்ன?

லிட்டரரி டைஜஸ்ட் அன்றைய அமெரிக்காவின் பிரபல வார இதழ். 1920 தொடங்கி நான்கு அதிபர் தேர்தல்களில் யார் ஜெயிப்பார் என்று தபால் ஓட்டுச்சீட்டு அனுப்பிக் கேட்டு, நான்கையும் சரியாகச் சொல்லியிருந்தது. 1936-ல் ஜனநாயகக் கட்சி சார்பில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும், குடியரசுக் கட்சி சார்பில் கான்சாஸ் ஆளுநர் ஆல்ஃப் லாண்டனும் மோதினார்கள். டைஜஸ்ட் ஏறத்தாழ 1 கோடி சீட்டுகளை அனுப்பியது. திரும்பி வந்தவை ஏறத்தாழ 24 லட்சம். அவற்றில் லாண்டனுக்கு 12,93,669. ரூஸ்வெல்ட்டுக்கு 9,72,897. இவர்கள் இருவரை மட்டும் வைத்துப் பார்த்தால் லாண்டன் 57 சதவிகிதம், ரூஸ்வெல்ட் 43.

தேர்தலில் 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். ஓட்டில் 61 சதவிகிதம் அவருக்கு. லாண்டனுக்கு மிஞ்சியவை மெய்ன், வெர்மான்ட் என்ற இரண்டு மாநிலங்கள் மட்டும். இரண்டே ஆண்டில், 1938-ல் அந்த இதழே நின்றுபோனது.

முதல் கோடு: 'இன்னும் அதிகம் பேரிடம் கேட்டிருந்தால்...'

பேராசிரியை முதலில் கை வைத்தது இந்த வரியில். "24 லட்சம் பேர் பத்தாதுன்னா எத்தனை பேர் வேணும்மா உனக்கு?"

குலுக்கிப் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்தால், 1,000 பேரைக் கேட்டாலே முடிவு ஏறத்தாழ 3 சதவிகிதப் புள்ளி இப்படியோ அப்படியோதான் தவறும். 24 லட்சம் பேர் என்றால் அந்தத் தவறு ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால், டைஜஸ்ட் தவறியது ஏறத்தாழ 20 புள்ளிகள். இது அதிர்ஷ்டக் குறைவால் வந்த தவறு கிடையாது. ஆட்கள் வந்து சேர்ந்த வழியிலேயே ஒருபக்கச் சாய்வு இருந்திருக்கிறது.

சாய்வான தராசில் ஒரு கிலோ நிறுத்தாலும் தப்பு, நூறு கிலோ நிறுத்தாலும் தப்பு. எண்ணிக்கையைக் கூட்டினால் தற்செயலாக வரும் பிழைதான் குறையும், சார்பு அப்படியே நிற்கும். இரண்டையும் பிரித்துச் சொல்லச் சொல்லித்தான் அந்தக் கேள்வியே கேட்கப்பட்டது. அந்த ஒரு வரிக்கே இரண்டு மதிப்பெண் போய்விட்டது.

இரண்டாவது கோடு: காரும் போனும்

இதுதான் எல்லோரும் எழுதும் பகுதி. இதில் பாதி உண்மை. பட்டியலில் வசதியானவர்கள் அதிகம் இருந்தார்கள், அவர்களிடம் லாண்டனுக்கு ஆதரவு கூடுதலாகவே இருந்தது. ஆனால், தோல்விக்கு இது மட்டுமே காரணம் என்று எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது.

முதல் சந்தேகம், 1932. அப்போதும் டைஜஸ்ட் இதே பாணியில்தான் பெயர்களைத் திரட்டியது. அப்போதும் ஏழைகளிடம் போன் இல்லை. ஆனாலும் ரூஸ்வெல்ட்டின் வெற்றியை ஒரு புள்ளி வித்தியாசத்துக்குள் சொல்லிவிட்டது. அதே மாதிரிப் பட்டியல் நான்கு வருடத்தில் எப்படிக் கெட்டுப்போனது? பட்டியலின் குணம் மாறவில்லை, ஓட்டு பிரிந்த விதம்தான் மாறியது. பெருமந்தத்தின் நடுவே ரூஸ்வெல்ட் கொண்டுவந்த திட்டங்களுக்குப் பிறகு, பணம் உள்ளவர் ஒரு பக்கம், இல்லாதவர் மறுபக்கம் என்று ஓட்டு பிரியத் தொடங்கியது. ஒரு பட்டியல் சாய்வானதா என்பது, அதை வைத்து என்ன கேட்கிறோம் என்பதையும் பொறுத்தது. கார் வைத்திருப்பவர்களிடம் எந்தக் கையால் எழுதுகிறீர்கள் என்று கேட்டால் பதில் பெரிதாகப் பிசகாது. வரி பற்றிக் கேட்டால் பிசகும்.

இரண்டாவது சந்தேகம் இன்னும் வலுவானது. அது சிகாகோ நகரம். அங்கே டைஜஸ்ட் போன் டைரக்டரியை நம்பவில்லை. பதிவுபெற்ற வாக்காளர் பட்டியலை எடுத்து, மூன்றில் ஒருவருக்குச் சீட்டு அனுப்பியது. ஏழையும் உண்டு, பணக்காரரும் உண்டு. பட்டியலில் குறை சொல்ல முடியாது. வந்த பதில்களில் ஏறத்தாழ பாதி லாண்டனுக்கு. தேர்தலில் சிகாகோவின் ஓட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ரூஸ்வெல்ட்டுக்கு!

பட்டியல் சரி. ஆனாலும் முடிவு தப்பு. "இப்ப உன் பதில்ல கடைசி வரி என்னாச்சு?" என்று பேராசிரியை கேட்டபோது மாணவியிடம் பதில் இல்லை.

யார் திருப்பி அனுப்பவில்லை?

சிகாகோவில் சீட்டு போனவர்களில் ஐந்தில் ஒருவர்தான் பதில் அனுப்பினார். நாடு முழுவதும் பார்த்தாலும் நான்கில் ஒருவருக்கும் குறைவு. 76 லட்சம் பேர் சீட்டைத் திருப்பியே அனுப்பவில்லை. அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் என்றால் கவலையில்லை. இங்கே அப்படி இல்லை.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது சுவாரஸ்யமானது. 1937-ல் கேலப்பின் நிறுவனம் ஒரு சர்வேயில், 'உங்களுக்கு டைஜஸ்ட் சீட்டு வந்ததா? திருப்பி அனுப்பினீர்களா? தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள்?' என்று கேட்டிருந்தது. அந்தத் தரவைப் பல ஆண்டுகள் கழித்து எடுத்து அலசியவர் பெவரில் ஸ்குவயர் என்ற அரசியல் அறிவியல் ஆய்வாளர். 1988-ல் அவர் கட்டுரை வெளியானது.

சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களில் லாண்டனுக்கு 51 சதவிகிதம், ரூஸ்வெல்ட்டுக்கு 48. சீட்டு கைக்கு வந்தும் அனுப்பாமல் விட்டவர்களில் ரூஸ்வெல்ட்டுக்கு 69. இரு தரப்பையும் சேர்த்தால், அதாவது சீட்டு கிடைத்த எல்லோரையும் எடுத்தால், ரூஸ்வெல்ட்டுக்கு 55 சதவிகிதம். வீட்டில் போனும் காரும் இரண்டும் இருந்தவர்களிலேயே ரூஸ்வெல்ட்தான் 55.

அந்தப் 'பணக்காரப் பட்டியல்' முழுவதும் பதில் அனுப்பியிருந்தால், டைஜஸ்ட் வெற்றியாளரைச் சரியாகவே சொல்லியிருக்கும். அளவு குறைந்திருக்கும், ஆள் மாறியிருக்காது. பட்டியல் சில புள்ளிகளைத் தின்றது. பதில் தராமை, வெற்றியாளர் பெயரையே மாற்றிவிட்டது.

இந்த 1937 சர்வேயையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. தேர்தல் முடிந்து மாதங்கள் கழித்துக் கேட்டால், ஜெயித்தவருக்கே போட்டேன் என்று சொல்பவர்கள் கொஞ்சம் கூடுவார்கள். அதனால் 55 என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனால் அனுப்பியவர், அனுப்பாதவர் இடையே 21 புள்ளி இடைவெளி. அதை இந்தத் தள்ளுபடி சாப்பிட்டுவிடாது.

இதில் வேதனையான விஷயம், டைஜஸ்ட் கையிலேயே எச்சரிக்கை இருந்தது என்பதுதான். போன தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்றும் அது கேட்டிருந்தது. 1932-ன் உண்மையான முடிவு ஊருக்கே தெரியும். வந்த பதில்களை அதனோடு ஒப்பிட்டிருந்தால், பதில் அனுப்பியவர்களில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பது தெரிந்திருக்கும். ஷரன் லோர், மைக்கேல் பிரிக் என்ற இரு புள்ளியியலாளர்கள் 2017-ல், அந்தப் பழைய ஓட்டைக் கொண்டே டைஜஸ்ட்டின் எண்களைச் சரிசெய்து பார்த்தார்கள். ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்றே வந்தது! டைஜஸ்ட் எந்தத் திருத்தமும் செய்யாமல் வந்ததை வந்தபடி அச்சடித்தது. அதைப் பெருமையாகவே கருதியது.

கேலப் குலுக்கவில்லை

மூன்றாவது கோடு சிறியது. கேலப் பயன்படுத்தியது குலுக்கல் முறை இல்லை, ஒதுக்கீட்டு முறை. இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், இந்த வயதில் இத்தனை பேர், இந்த வருமானத்தில் இத்தனை பேர் என்று கணக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் யாரைக் கேட்பது என்பது கேட்கப் போகிறவர் இஷ்டம். 1936-ல் ரூஸ்வெல்ட்டுக்கு 56 சதவிகிதம் என்று சொன்னார் கேலப். ஆளைச் சரியாகச் சொன்னார், அளவில் 5 புள்ளி குறைவு. 12 வருடம் கழித்து 1948-ல் அதே முறையை வைத்து டூயிதான் ஜெயிப்பார் என்றார், ட்ரூமன் ஜெயித்தார். அந்த முறை தேர்தலுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே கேட்பதை நிறுத்தியதும் ஒரு காரணம். அதற்குப் பிறகுதான் குலுக்கல் முறைக்கு மவுசு கூடியது.

உன் ப்ராஜெக்ட்டையும் எடு!

பேச்சு இதோடு முடிந்திருந்தால் ஐந்து மதிப்பெண் விஷயமாகப் போயிருக்கும். நான்காவது கோடு அந்தக் கடைசி வரியின் கீழ் இருந்தது. 'எல்லோரும் இடம்பெற்ற பட்டியலை எடுத்தால் சார்பு வராது.' இதே வரி மாணவியின் ப்ராஜெக்ட் அறிக்கையின் முதல் வரைவிலும் இருந்ததுதான் பேராசிரியையின் கவலை.

ப்ராஜெக்ட், விடுதி மெஸ் சாப்பாடு பற்றியது. விடுதியின் வாட்ஸ்அப் குழுவில் எல்லா மாணவிகளும் இருக்கிறார்கள். அதில் ஒரு கூகுள் ஃபார்ம் லிங்க் போட்டாயிற்று. 'யாரையும் விடவில்லை, ஆகவே சார்பு இல்லை' என்று எழுதி, மெஸ் ஒப்பந்தக்காரரை மாற்ற வேண்டும் என்ற பரிந்துரையோடு முடித்திருந்தார். அந்த மெஸ்ஸில் சமைப்பவர்கள், பரிமாறுபவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள் எல்லோருடைய வேலையும் அந்த ஒரு வரியில் தொங்கியது.

"லிங்க்கோட என்ன மெசேஜ் போட்ட?" என்றார் பேராசிரியை. மாணவி போனை எடுத்துக் காட்டினார். 'மெஸ் பிரச்னைக்கு ஒரு முடிவு கட்டுவோம், எல்லாரும் ஃபில் பண்ணுங்க ப்ளீஸ்.'

பிரச்னை என்று நினைப்பவள் உடனே நிரப்புவாள். சாப்பாடு பரவாயில்லை என்பவளுக்கு, இது தனக்கான ஃபார்ம் என்றே தோன்றாது. கேள்வியைத் தொடும் முன்பே அழைப்பு வாசகம் ஆட்களைப் பிரித்துவிட்டது. சிகாகோவில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான். அதிபர் மேல் கோபம் இருந்தவர்கள் தபால்பெட்டி வரை நடந்தார்கள்.

விடைத்தாளின் பின்பக்கத்திலேயே பேராசிரியை ஒரு கணக்குப் போட்டார். கணக்கு எளிதாக வர, விடுதியில் 900 பேர், நிரப்பியவர்கள் 180 பேர், அவர்களில் 126 பேர் 'மோசம்' என்றார்கள் என்று வைத்துக்கொண்டார். 180-ல் 126 என்றால் 70 சதவிகிதம். அறிக்கையில் போடத் தோன்றும் எண் அதுதான்.

நிரப்பாத 720 பேர் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாது. அவர்கள் எல்லோரும் 'நன்று' என்றால், 900-ல் 126 பேருக்குத்தான் மோசம். அது 14 சதவிகிதம். எல்லோரும் 'மோசம்' என்றால் 94 சதவிகிதம். கையில் இருக்கும் ஃபார்ம் மட்டும் உறுதியாகச் சொல்வது, உண்மை 14-க்கும் 94-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்பதை மட்டும். மாணவி பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை லிங்க் போட்டா?"

"அதே ஆளுங்கதான் இன்னும் கொஞ்சம் பேர் வருவாங்க."

வழி உண்டு. நிரப்பாதவர்களில் கொஞ்சம் பேரை மட்டும் குலுக்கித் தேர்ந்தெடுத்து, விடாமல் தேடிப்போய்ப் பதில் வாங்குவது. அமெரிக்க சென்சஸ் துறையில் இருந்த மோரிஸ் ஹான்சன், வில்லியம் ஹர்விட்ஸ் இருவரும் 1946-ல் வகுத்துக் கொடுத்த முறை இது. தபாலில் மலிவாக எல்லோரையும் கேள், பதில் வராதவர்களில் ஒரு சிறு பகுதியை நேரில் போய்க் கேள், இரண்டையும் அதனதன் எடையில் சேர்.

ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. ஃபார்மில் பெயர் கேட்கவில்லை. யார் நிரப்பவில்லை என்று எப்படித் தெரியும்? அதற்கும் சுலபமான வழி சொன்னார் பேராசிரியை. வார்டனிடம் 900 பேர் பட்டியலை வாங்கு. 1 முதல் 12 வரை சீட்டெழுதிக் குலுக்கி ஒன்றை எடு. 7 வந்தால் பட்டியலில் 7-வது பெயர், பிறகு 19, 31 என்று பன்னிரண்டு பன்னிரண்டாகத் தாண்டிப் போ. 75 பேர் கிடைப்பார்கள். அவர்களிடம் 'ஏற்கெனவே ஃபார்ம் நிரப்பினாயா?' என்பதை முதல் கேள்வியாகக் கேள். நிரப்பியது ஐந்தில் ஒருவர் என்றால், இந்த 75-ல் 60 பேர் போல 'இல்லை' என்பார்கள். உனக்கு வேண்டியவர்கள் அவர்கள்தான்.

அந்த 60 பேரில் 20 பேர் மோசம் என்றார்கள் என வைத்துக்கொண்டால், அது 33 சதவிகிதம். இப்போது எடை. விடுதியில் ஐந்தில் ஒரு பங்கு நிரப்பியவர்கள், அவர்களிடம் 70. மீதி நான்கு பங்கு நிரப்பாதவர்கள், அவர்களிடம் 33. முதலாவதில் 14 புள்ளி, இரண்டாவதில் 27 புள்ளி. கூட்டினால் 41. கேட்டது 60 பேரைத்தான் என்பதால் இந்த 41 சுமார் 10 புள்ளி ஏறலாம், இறங்கலாம். ஆனால் எவ்வளவு ஏறினாலும் 70-ஐத் தொடாது. '70 சதவிகிதம் பேர் அதிருப்தி' என்ற தலைப்போடு ஒப்பந்தக்காரரை அனுப்பச் சொல்வது ஒரு அறிக்கை. 'பத்தில் நாலு பேருக்குக் குறை இருக்கிறது, எந்த வேளைச் சாப்பாட்டில் என்று பார்க்க வேண்டும்' என்பது வேறு அறிக்கை.

இன்னொரு எச்சரிக்கையும் சொன்னார். நேரில் போய்க் கேட்டால் பதிலே மாறும். பக்கத்தில் தோழிகள் நின்றால் ஊரோடு ஒத்துப்போவார்கள், கேட்பவள் விடுதிப் பிரதிநிதி என்றால் அடக்கி வாசிப்பார்கள். அதனால் வாயால் கேட்காதே, அதே கேள்வியைத் துண்டுச் சீட்டில் அச்சடித்துக் கொடு, மடித்துப் பெட்டியில் போடச் சொல். எந்த வருடம் படிக்கிறார் என்றும் கேட்டுக்கொள். முதல் வருடத்தார் எத்தனை பேர் என்று வார்டன் பதிவேட்டில் இருக்கும். முதலில் வந்த ஃபார்ம்களிலும் அதைக் கேட்டிருந்தால், யார் அதிகம் நிரப்பினார்கள் என்று இன்றே தெரிந்திருக்கும். டைஜஸ்ட் கேட்டும் பயன்படுத்தாமல் விட்ட 1932 கேள்வி மாதிரி.

மதிப்பெண் மாறவில்லை, ஐந்து ஐந்தேதான். மாணவி அதைப் பற்றி மறுபடி பேசவும் இல்லை. வார்டனிடம் பட்டியல் வாங்க எழுந்தவர், வாசலில் நின்று ஒரு சந்தேகம் கேட்டார்.

"ரூம் பூட்டியிருந்தா பக்கத்து ரூம் பொண்ணுகிட்ட கேட்டுக்கலாமா மேடம்?"

"கூடாது. பட்டியல்ல வந்த அந்தப் பொண்ணுதான் வேணும். சனிக்கிழமை பூட்டியிருந்தா ஞாயித்துக்கிழமை ராத்திரி போ. ஊருக்குப் போய் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுட்டு வர்றவங்க அப்பதான் திரும்புவாங்க. அவங்க பதில் வேற மாதிரி இருக்கும்."